சி. பவுலினுக்கு அனுப்ப வேண்டிய செய்தி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வெட்கத்தில் உதித்தது. கூட வேலை பார்த்த ஒருவரின் அம்மா இறந்த அன்று, டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் வடையும் மறு கையில் செல்போனுமாக அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘ஸாரி சார். ஆர்ஐபி.’ வடை ஆறிவிடப் போகிறதே என்ற அவசரம் எனக்கு. மறுநாள் அவர் ‘ஓகே சார்’ என்று பதில் போட்டிருந்தார். ஓகேயாம்! நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அதை அப்படியே எழுத எனக்குத் துப்பில்லை. ஆகவே என் தப்பைத் தூக்கி ஒரு பெண்ணின் கைப்பையில் போட்டு, அவளைத் திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிடுகிறேன். பாவம், நல்ல பெண்தான்.

2

விழுப்புரம் சந்திப்பில் ரயில் வந்து நின்றபோது கிருஷ்ணவேணியின் மனதில் ஒரு

(வேண்டாம். அவள் பஸ்ஸில் போகிறவள்.)

2015ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை காலை, மரணம் என்பது

(இதுவும் வேண்டாம். ‘மரணம் என்பது’ என்று ஆரம்பிக்கிறவனை நானே படிக்க மாட்டேன்.)

சரி, நேராகச் சொல்கிறேன். கிருஷ்ணவேணிக்கு வயது நாற்பத்தாறு. பெருமுக்கலில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். இப்போது இருப்பது திண்டிவனத்தில். விழுப்புரத்தில் ஒரு விதைப் பரிசோதனை நிலையத்தில் அவள் மூத்த அலுவலர். விவசாயிக்கு விற்கப்போகிற விதையை முளைப்பறையில் வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று எண்ணிச் சொல்கிற இடம் அது. அவளுக்குக் கீழே ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள் பவுலின். செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் ஆகவில்லை. விழுப்புரத்தில் விடுதியில் தங்கி, சனி ஞாயிறு அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை பவுலின் வந்து நின்றாள்.

“அக்கா, அப்பாக்கு மூச்சு வாங்கிக்கினே இருக்குதுக்கா. நாளையிலிருந்து லீவு எடுத்துக்கட்டுமா?”

“மல்லாட்டை சாம்பிளுக்கு வெள்ளிக்கிழமதானே பத்தாம் நாளு? எண்ணி முடிச்சுட்டு சனிக்கிழம போயேன். எப்பிடியும் போற நாளுதானே.”

“சரிக்கா.”

(மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; முளைக்கப் போட்ட பத்தாம் நாள் நாற்றை எண்ணியாக வேண்டும்.)

வியாழன் விடிகாலை அப்பா இறந்துவிட்டார்.*

* லீவு மறுத்தவள் கொடுமைக்காரி இல்லை. நீங்களும் நானும் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு மறுத்திருக்கிறோம்.

3

சேதி வந்தபோது கிருஷ்ணவேணி பஸ்ஸில் இருந்தாள். அலுவலகத்து ஆன்டனி போனில் சொன்னான். கை சும்மா இருக்குமா, உடனே டைப் செய்தது:

‘ஸாரி பவுலின். நியூஸ் கேட்டேன். ஆர்ஐபி. வயசானவருதான, மனச தேத்திக்கோ. தைரியமா இரு. எது வேணும்னாலும் சொல்லு. நாளைக்கு எண்ணிக்கை நான் பாத்துக்கறேன், முளைப்பறை சாவி எங்க?’

கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது. இந்த இடத்தில் நடத்துனரை அனுப்பி வைத்தவன் நான்தான். “விழுப்புரமா? சில்லறை எடுங்கம்மா, ஜல்தி.” அவள் போனை மடியில் வைத்துச் சில்லறை தேடினாள். திரும்ப எடுத்தபோது கண்ணில் பட்டது கடைசி வார்த்தை. சாவி.

“ஐயையோ” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ தொலைந்துவிட்டது என்று காலடியில் தேடிப் பார்த்தார்.

அழித்தாள். சாவியை மட்டும். பிறகு யோசித்து எல்லாவற்றையும்.

4

அன்று சாயங்காலம் வீட்டில், அலுவலக வாட்ஸப் குழுவைத் திறந்து பார்த்தாள். பதினோரு ஆர்ஐபி. மூன்று மெழுகுவர்த்திப் படம். ஒருவர் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார். அதன் ஓரத்தில் ‘இனிய காலை வணக்கம்’ பாதி தெரிந்தது. தன்னுடையது அப்படி இருக்கக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள்:

‘தங்கள் அருமைத் தந்தையார் இறைவனடி சேர்ந்த செய்தி கேட்டு ஆற்றொணாத் துயரமடைந்தேன். அன்னாரின் பிரிவால் வாடும் தங்கள் குடும்பத்தாருக்கு’

கணவர் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

“இன்னா இது? கலெக்டருக்கா எழுதற?”

“பவுலினுக்குங்க.”

“அந்தப் பொண்ண என்னிக்காவது ‘தங்கள்’னு கூப்ட்டிருக்கியா நீ? சுவத்துல ஒட்டற கண்ணீர் அஞ்சலி நோட்டீசு மாதிரி இருக்குது.”

“அப்ப இன்னா எழுதறது, நீங்களே சொல்லுங்க.”

“எனக்கு இன்னா தெரியும்? எழவு வீட்டுக்குப் போனா நான் ஒண்ணும் பேச மாட்டேன். கையப் புடிச்சுக்கினு உக்காந்திருப்பேன்.”

மனுஷன் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். செல்போனில் எப்படிக் கையைப் பிடிப்பது? அதுதான் இந்தக் கதையின் பேஜாரே.

5

(இங்கே கதையை நிறுத்திவைத்து முதல் செய்தியை நானே ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். ‘தைரியமா இரு’ என்பது அழுகிறவளுக்குப் போடும் உத்தரவு. ‘வயசானவருதான’ என்பது அழ அவ்வளவு காரணமில்லை என்று கணக்குச் சொல்வது. ‘எது வேணும்னாலும் சொல்லு’ என்பது கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையும், அதை வாய்விட்டுக் கேட்கிற வேலையும் அவள் தலையில். எப்படி ஆச்சு என்று கிருஷ்ணவேணி கேட்காமல் விட்டாள், அதுவரைக்கும் புண்ணியம். எல்லாவற்றையும்விட, போனவருக்கு அந்தச் செய்தியில் பெயரே இல்லை. அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.)

6

வெள்ளிக்கிழமை காலை. முளைப்பறைச் சாவி எப்போதும் தொங்கும் ஆணியிலேயே தொங்கியது. கிருஷ்ணவேணி மணல் தட்டுகளை மேஜைமேல் வைத்து எண்ண உட்கார்ந்தாள். நானூறு மல்லாட்டை விதை. நல்ல நாற்று தனியாக, கோணலானது தனியாக, முளைக்காமல் அழுகினது தனியாக. எழுதி, கூட்டி, கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகத்தான் அந்தப் பெண்ணைச் செவ்வாயும் புதனும் நிறுத்தி வைத்தாள். தானே எண்ணியிருக்கலாம். இப்போது எண்ணவில்லையா? கிருஷ்ணவேணி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, கேவிக் கேவி அழுதாள்.

பிறகு ஆன்டனியைக் கூப்பிட்டாள்.

“ஆன்டனி, உங்க பக்கம் செத்தவங்கள இன்னான்னு சொல்லி எழுதுவீங்க?”

“‘ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும்’னு எழுதுவோம் மேடம். ஆனா அத நீங்க எழுதுனா இரவல் சட்ட மாதிரி இருக்கும். உங்க வார்த்தையிலயே எழுதுங்க, பவுலினுக்கு அதுதான் புடிக்கும்.”

“அவங்க அப்பா பேரு?”

ஆன்டனி விழித்தான். “பவுலின் அப்பான்னுதான் மேடம் சொல்லுவோம்.”

வருகைப் பதிவேட்டில் சி. பவுலின். ஒன்பது வருடமாக தினமும் பார்த்த ‘சி’. சின்னதுரையா, சின்னக்கண்ணா, சிலுவைமுத்தா? நேரே எழுத்தர் மணிமாறனிடம் போய் நின்றாள்.

“பவுலினோட பணிப்பதிவேடு குடுங்க. அப்பா பேரு பாக்கணும்.”

“அத அப்பிடியெல்லாம் எடுத்துக் காட்ட முடியாது மேடம்” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

முதல் பக்கத்திலேயே இருந்தது. சின்னப்பராஜ். மூடியிருக்கலாம், கை சும்மா இல்லாமல் புரட்டியது. உள்ளே ஒட்டியிருந்த வாரிசு நியமனப் படிவத்திலும் அதே பெயர்: சின்னப்பராஜ், உறவு: தந்தை. அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து.

அது அவளுடைய கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த வாரம், “அக்கா, இதுல ஒரு கையெழுத்துக்கா” என்று பவுலின் நீட்ட, படிக்காமல் போட்டுக் கொடுத்தது.

7

அவள் எழுதிய செய்தி இது. அவள் தயங்கிய வரியை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.

‘பவுலின், உங்கப்பா சின்னப்பராஜ் அவர்கள் இறந்துபோன செய்தி நேற்று காலையிலேயே தெரிந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் ஓடிவிட்டது. அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் மத்தியானம் நீ அவருக்குப் போன் பண்ணி, “சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா” என்று கேட்பதை ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்வார், நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவரைத் தெரியும். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. உன் சாம்பிள் எல்லாம் நான் எண்ணுகிறேன். லீவுக்கு நீ எதுவும் எழுதித் தர வேண்டாம், மணிமாறனிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பூசைக்கு நாங்கள் வருகிறோம். இதற்குப் பதில் போடாதே. [திங்கட்கிழமை உன்னை அனுப்பாமல் விட்டேன், என்னை மன்னி]’

அடைப்புக்குள் இருப்பதைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். எடுத்தால் இந்தச் செய்தி முழுக்கப் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. வைத்தால், அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் ‘பரவால்லக்கா’ என்று எழுதியாக வேண்டும். துக்க வீட்டில் போய் ஆறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதா? அதைவிட அநியாயம் உண்டா?

நான் அவளை வைக்கச் சொன்னேன். அந்த வரி இருந்தால் கதைக்கு அழகு. அவள் கேட்கவில்லை. எடுத்துவிட்டு அனுப்பிவிட்டாள். மன்னிப்பை நேரில்தான் கேட்க வேண்டும், திட்ட நினைத்தால் திட்டுவதற்கு ஆள் எதிரில் நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. எழுத்தாளனைவிடக் கதாபாத்திரத்துக்குப் புத்தி அதிகம் இருக்கிறது, என்ன செய்ய!

மூன்று மணிக்கு அலுவலகத்தார் எல்லாரும் வேனில் போனார்கள். சர்ச்சில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டார்கள். கிருஷ்ணவேணி பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்கிற இடம் அது இல்லை. சொல்லிக்கொள்ளாமல் வந்து வேனில் ஏறினாள்.

8

பத்து நாள் கழித்துப் பவுலின் வேலைக்கு வந்தாள். முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) பவுலின் அவளைக் கட்டிக்கொண்டு, “உங்க மெசேஜ அப்பா போட்டோவுக்கு முன்னாடி படிச்சேன்க்கா” என்று

(இல்லை. இது கிருஷ்ணவேணிக்கு நான் கொடுக்கிற மிட்டாய்.)

(ஆ) பவுலின் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல்

(இது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற தண்டனை. அதற்கு அவளை எதற்கு இழுக்க வேண்டும்?)

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். பவுலின் கையெழுத்துப் போட்டுவிட்டு முளைப்பறைக்குப் போனாள். கிருஷ்ணவேணி பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

“திங்கக்கெழம நீ கேட்டப்ப உன்ன அனுப்பியிருக்கணும் பவுலின். அனுப்பல. அந்த மல்லாட்டைய நானே எண்ணுனேன். ஒண்ணேகால் மணி நேரந்தான் ஆச்சு.”

பவுலின் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

இதற்குமேல் எனக்கு உரிமை இல்லை, இனி பவுலின் இடத்தில் படிக்கிற நீங்கள் நில்லுங்கள். திங்கட்கிழமை லீவு கேட்டவர் நீங்கள். “சரிக்கா” என்றவர் நீங்கள். செவ்வாயும் புதனும் விடுதியில் படுத்திருந்தவர், வியாழன் விடிகாலை போன் வந்தபோது அப்பா பக்கத்தில் இல்லாதவர் நீங்கள். அவள் கதவருகில் நிற்கிறாள். திட்டினாலும் வாங்கிக்கொண்டுதான் போவாள். சொல்லுங்கள்.