சராசரி விலை

கனடா விசா கிடைத்ததும், வெள்ளவத்தைப் பெயின்ற் கடையில் தன் பங்கைப் பிரித்துத் தரச் சொன்னார் என் பங்காளி நாகேந்திரம். சண்டையால் விலை ஏறியிருந்தது. இருநூறு ரூபாய்ப்படி நூறு டின், பிறகு முந்நூறுப்படி நூறு டின் வாங்கியிருந்தோம். நூறு விற்று நூறு மிச்சம்.

“முதல் வந்ததுதான் முதல் வித்தது, பாலேஸ்வரி. மிச்சமெல்லாம் புதுசு. ஸ்டொக் முப்பதாயிரம். அதிலைதான் என்ரை பங்கைப் பாக்கவேணும்.”

“சராசரியிலை இருபத்தையாயிரம்,” என்றேன்.

“இதென்ன பிடிவாதம்?”

“ஜேர்மனிக்குப் போன என்ரை அண்ணையின்ரை பங்கை இந்தக் கடையிலை இருந்து பிரிக்கேக்கையும் விலை ஏறித்தான் கிடந்தது. அண்டைக்குச் சராசரிதான் நியாயம் எண்டு அடிச்சுச் சொன்னது ஆர்?”

அவர் கணக்குக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

“அண்ணையை அனுப்பின கணக்கிலைதான் நீங்களும் போவீங்கள்.”