அணைத்து வைத்த போன்

லீலாவின் போனில் நான்கு சதவீதம் இருந்தது. சார்ஜில் போட்ட பிறகு அது மூன்றானது.

மாதேஸ்வரன் மலைக் கோயில் கூட்டத்தில் அவள் அப்பா அய்யாவு காணாமல் போய் ஒரு இரவு ஆகிவிட்டது. கையில் போன் கிடையாது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மகளுடையது. கணவன் மதன் மலையில் தேடிக்கொண்டிருந்தான். அவளோ மைசூரில், ஊதுபத்தி உருட்டும் கொட்டகையில், அந்த அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

"ஒயரு பாம்புக்குட்டி மாதிரி இருக்குதே, இதுல எங்க கரன்ட் வரும்?" என்றாள் பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த தேவம்மா.

கழுத்தில் மாட்டும் இயர்போனோடு வந்த ஒயர் அது. அதில் வரும் கரன்ட், போன் சிக்னல் தேடும் செலவுக்கே போதவில்லை. முதலாளியின் தடித்த ஒயரையும் லீலா போட்டுப் பார்த்திருந்தாள். முனை பாதியில் நின்றது. சார்ஜ் ஏறவே இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். போனின் சார்ஜ் துளையின் அடியில் பத்தி மாவும் பஞ்சும் கெட்டியாகப் படிந்திருந்தன. ஊசியை எடுத்தாள்.

"அய்யோ, ஊசி வேண்டாம் கண்ணு! போனுக்குள்ள இருக்குற முள்ளு ஒடஞ்சா அவ்வளவுதான். மொதல்ல ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ண நேரத்துல அப்பா கூப்பிட்டா, அக்கா?"

"அதுவா அணைஞ்சா மட்டும் கூப்பிட மாட்டாரா?"

சார்ஜ் இரண்டானது. லீலா போனை அணைத்தாள். மாவு பூசாத மூங்கில் குச்சியைச் சீவி, துளையின் ஓரமாக மெதுவாகச் சுரண்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி வந்தது. இன்னொன்று. இந்த நிமிடம் யாரிடமோ கெஞ்சி வாங்கிய போனில் அப்பா அழைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அவசரப்பட்டால் குச்சி உள்ளேயே முறியும்.

தடித்த ஒயர் இப்போது 'டக்' என்று உட்கார்ந்தது. சார்ஜரும் போனும் தமக்குள் எவ்வளவு தரலாம், எவ்வளவு வாங்கலாம் என்று ஒத்துக்கொண்டால்தான் வேகம் வரும். திரையில் 'வேகமான சார்ஜ்' என்று வந்தது. போனை ஆன் செய்தாள்.

குறுஞ்செய்தி ஒன்று விழுந்தது. அணைந்திருந்தபோது ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு.

உடனே திருப்பி அழைத்தாள்.

"பூக்கடைங்க. பெரியவரு ஒருத்தரு பேசணும்னாரு. 'ஸ்விட்ச் ஆஃப்'னு வந்துச்சு, போயிட்டாரே."

"எந்தப் பக்கம் போனாருங்க? அவரு எங்க அப்பா. கடையை விட்டுட்டுக் கொஞ்சம் ஓடுங்கண்ணா!"

"இருங்க, லைன்லயே இருங்க."

செருப்புச் சத்தம், பஸ் ஹாரன், யாரோ கன்னடத்தில் திட்டுவது எல்லாம் கேட்டது. ஒயரை இழுக்காமல் லீலா குனிந்தே நின்றாள். தேவம்மாவும் உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு வேறொரு மூச்சிரைப்பு.

"லீலா, எதுக்கு அம்மிணி போனை அணைச்ச? நான் பயந்தே போயிட்டேன்."