ஸ்டைல் ஷீட்டில் இல்லாத ஒரு சொல்

மருத்துவச் சட்டங்கள் பற்றிய ஆங்கிலப் புத்தகம். எடிட்டர்கள் மூன்று பேர்: நான், என் மனைவியின் அண்ணன், அக்கா. அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. எங்கள் இருவரையும் தைரியமாகத் திட்டக்கூடியவர்.

மூவரும் ஒரே மாதிரி எழுதவேண்டுமென்று நான்தான் ஸ்டைல் ஷீட் போட்டேன். ‘மினிஸ்டர்’ எப்போது பெரிய எழுத்தில் தொடங்கும், ‘லாங் டேர்ம்’ எங்கே ஹைஃபன் கேட்கும், எல்லாம் அகரவரிசையில். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ‘காரணம்’ என்றொரு கட்டம். அந்தக் கட்டத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் காலை அச்சகத்துக்குக் கோப்பு போகவேண்டும். மதியம் அத்தியாயங்களை ஒன்றாகச் சேர்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ‘ஹெல்த்கேர்’. அக்கா சேர்த்து எழுதியிருந்தார். நான் பிரித்திருந்தேன். மச்சான் நடுவே ஹைஃபன் போட்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல். அது ஷீட்டிலேயே இல்லை.

“இதைப் போயி யாராவது எழுதி வைப்பாங்களா மாப்ள? தெரிஞ்சதுதானேன்னு விட்டேன்” என்றார் மச்சான்.

“எனக்கும் தெரிஞ்சதுதான். வேற மாதிரி தெரிஞ்சிருக்கு.”

“ஒரே அமுக்கா மாத்திடலாமே?”

“சட்ட மேற்கோளும் ஆஸ்பத்திரிப் பேரும் மூலத்துல இருக்கிறபடிதான் இருக்கணும். அதையும் சேர்த்து மாத்திடும். ஒவ்வொண்ணா கண்ணால பார்க்கணும்.”

மேற்கோள்கள் குவிந்திருந்தது அக்காவின் அத்தியாயங்களில்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். காலடியில் துணிப்பை. விடிந்தால் அவர் கணவருக்கு வெளியூரில் ஆபரேஷன். மாலை ஐந்து மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான்.

நாங்கள் நம்பும் அகராதி, சேர்த்ததையும் சரியென்றது, பிரித்ததையும் சரியென்றது. ஹைஃபனை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

“என் தலையெழுத்து” என்றார் மச்சான்.

“தம்பி, முடிவு உன்னோடது. பிரிக்கணும்னா சொல்லு, உட்கார்ந்து பிரிச்சுட்டுப் போறேன்” என்றார் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது. பையின் காதை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி குடித்தேன். இதே சொல்லைப் பிரித்து எழுதுவதற்காக ஒரு காலத்தில் மேலதிகாரியோடு சண்டை போட்டவன் நான்.

“சேர்த்தே இருக்கட்டும்” என்றேன்.

“மாப்ள, அப்போ உங்களோட பத்து அத்தியாயம்?”

“எனக்குப் பொழுது போகணுமில்ல மச்சான்? உங்களுக்கும்தான்.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஷீட்டில் அந்தச் சொல்லைச் சேர்த்துக் காரணக் கட்டத்தில் ‘வாசிக்க எளிது’ என்று எழுதினேன். கூச்சமாக இருந்தது. மச்சான் முணுமுணுத்தபடி ஹைஃபன்களைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் என் முதல் அத்தியாயத்தின் ஒவ்வொரு மேற்கோளிலும் நின்று நின்று போனேன்.

மூவரும் ஒரே நேரத்தில், போனிலிருந்துகூட, திருத்தக்கூடிய கோப்பு அது. கொஞ்ச நேரத்தில் காரணக் கட்டத்தில் எழுத்துகள் தானாக முளைத்தன: ‘புளுகு. பஸ் கிடைத்தது, தம்பி.’

அலுவலகக் கோப்பில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்பது ஷீட்டின் முதல் விதி. நான் போட்டதுதான்.

அழிக்கவில்லை.