ஐந்து அழைப்புகளுக்கு உத்தரவாதம்

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?" என்று தொலைபேசியில் அந்தக் குரல் கேட்டது.

அவள் சமையலறைத் துண்டில் கையைத் துடைத்தபடி யோசித்தாள். "எனக்குக் கீழ யாரும் இல்லைங்க. என்கூட ஒருத்தர் இருந்தார். அவரும் பாதி நாள் லீவு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உங்க ரெஸ்யூமேல 'நோய்த்தொற்றுத் தடுப்பு அமைப்புகளின் தலைமைப் பொறுப்பாளர், பல துறை அணிகளை வழிநடத்தியவர்'னு இருக்கே."

"ஆமாங்க, இருக்கு" என்றாள் அவள்.

மேற்கொண்டு தெரியப்படுத்துகிறோம் என்று அந்தக் குரல் மரியாதையாக விடைபெற்றது. இது மூன்றாவது அழைப்பு. மூன்றும் பெரிய மருத்துவமனைகள். மூன்றும் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை.

பதினேழு வருடம் அவள் ஒரு மருத்துவமனையில் கருவி சுத்திகரிப்பு அறையில் இருந்தாள். அறுவை முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, எண்ணி, துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவ் என்னும் நீராவி இயந்திரத்தில் ஏற்றி இறக்குவது வேலை. எட்டு மாதத்துக்கு முன் மருத்துவமனையை மூடிவிட்டார்கள். அதன்பின் தானாக ஒரு வேலையும் வரவில்லை. அவளுடைய தம்பிதான் எங்கோ விளம்பரம் பார்த்து, ரெஸ்யூமே எழுதித் தரும் கம்பெனி ஒன்றில் 'தங்கத் திட்டம்' என்ற ஒன்றைக் கட்டணம் கட்டி வாங்கிக் கொடுத்தான். தொண்ணூறு நாளில், முன்னணி மருத்துவமனைகளிலிருந்து ஐந்து இன்டர்வியூ அழைப்புகள் உத்தரவாதம். வராவிட்டால் பணம் வாபஸ். இன்று எண்பதாவது நாள்.

எழுதி வந்த ரெஸ்யூமேயை அவள் பலமுறை படித்திருந்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள் அதில் இருந்தவள். அவளுடைய கை ஒருநாளும் நனைந்திருக்காது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, கண்டால் மட்டும் தலையசைத்துவிட்டுப் போகிறவளைப் போல அவள் இந்த இரண்டு பக்கத்துக்குள் நடமாடினாள். அவளைத் தேடித்தான் எல்லோரும் போன் செய்தார்கள். எடுத்துப் பேசியது இவள்.

மறுநாள் காலை அவள் நேரிலேயே போனாள். நோட்டுப் புத்தகக் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது கம்பெனி. ஒரே அறை. ஆறு மேசைகள், ஆறு கணினிகள். ஜன்னலோரம் இருந்த இளம்பெண் வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை அழித்து, சேமித்து, மூடி, அடுத்ததைத் திறந்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றாள் இவள், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"ப்ரொஃபைலை உயர்த்துறேன்க்கா" என்றாள் அந்தப் பெண் திரும்பாமலே. "ஆள் தேடுறவங்க பக்கத்துல, யார் கடைசியா மாத்தினாங்களோ அவங்க மேல வருவாங்க. அதனால இன்னிக்குப் புள்ளியை எடுப்பேன். நாளைக்கு வைப்பேன். நூத்தறுபது பேருக்கு."

"அதுக்குத்தான் எங்க பாஸ்வேர்டை வாங்கினீங்களா?"

"இதுக்கும், உங்க பேர்ல விண்ணப்பம் போடறதுக்கும். இங்க என் பேரே புள்ளிதான். வீட்டுல வெச்ச பேர் சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு."

பின்மேசையிலிருந்து ஒருவர் சிரித்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். ரெஸ்யூமேக்களை எழுதுபவர் அவர். அலுவலகத்தில் அவரைக் கவிஞர் என்றார்கள்.

அவள் தன் ரெஸ்யூமேயை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். "சார், இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. நான் அதுல இல்லை."

"நான் பொய் எழுத மாட்டேன்மா. கொஞ்சம் உயரமா வெச்சுச் சொல்வேன். அவ்வளவுதான்."

"அங்கேர்ந்து விழறது நான்தானே சார்."

கவிஞர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றாள் அவள். "எந்த ஊர்லயும் ஆட்டோகிளேவ் ஓட்ட ஆள் தேவைப்படாமலா இருக்கும்? அவங்க ஏன் ஒருத்தர்கூடக் கூப்பிடலை?"

புள்ளி சற்று யோசித்தாள். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். வேலை கொடுப்பவர்கள் ஆள் தேடும் பக்கம் அது. கம்பெனி அதற்கும் சந்தா கட்டியிருந்தது. 'ஸ்டெரிலைசேஷன் டெக்னீஷியன்' என்று தட்டி, அனுபவம் பத்து வருடத்துக்கு மேல் என்று குறித்தாள். நூற்றுச் சொச்சம் பெயர்கள் வந்தன. இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார்கள். கடைசிப் பெயரும் வந்து போயிற்று.

"நீங்க இல்லைக்கா" என்றாள் புள்ளி மெதுவாக.

"பதினேழு வருஷம்" என்றாள் அவள்.

"அந்த வார்த்தையே உங்க ரெஸ்யூமேல இல்லை. தேடுறவங்க அதைத்தான் தட்டுவாங்க. நீங்க மேனேஜர் கூட்டத்துல நிக்கறீங்க. புள்ளி வெச்சு வெச்சு உங்களைத் தினமும் அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினது நான்தான்."

"அப்போ மாத்தேன்மா."

புள்ளி மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து ஒன்பதாவது விதியைக் காட்டினாள். வாடிக்கையாளர் ஒரு சொல்லை மாற்றினாலும் உத்தரவாதம் ரத்து. பாஸ்வேர்டை மாற்றினாலும் ரத்து.

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு கால் வந்துட்டா நாங்க சொன்னதைச் செஞ்சதா ஆயிடும். வரலைன்னா பணம் திரும்பக் கிடைக்கும். நாங்க வேலைக்கு உத்தரவாதம் தரலைக்கா. போன் மணி அடிக்கும்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்."

அவள் வெளியே மாடிப்படிக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் தம்பி. "ஒன்பது நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. காசு கைக்கு வந்ததும் நீ என்ன வேணா எழுதிக்கோ."

"ஒன்பது நாள் கழிச்சுத் தருவாங்களாடா?"

"கேரண்டின்னு போட்டிருக்கான்."

"இன்னும் ரெண்டு பேர் கூப்பிட்டு, 'உங்களுக்குக் கீழ எத்தனை பேர்'னு கேட்பான். நான் முழிப்பேன். அத்தோட கேரண்டி முடிஞ்சுடும். காசும் இல்லை, வேலையும் இல்லை."

தம்பி பெருமூச்சு விட்டான். "நீ முடிவு பண்ணிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணுவே. சின்ன வயசுலேர்ந்து இதே கதை."

"கோவமா?"

"இல்லை. ஆனா அழகா எழுதச் சொல்லு."

படிக்கட்டின் சிறு ஜன்னலில் வெயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே போய், உத்தரவாதம் வேண்டாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மதிய இடைவேளையில் காலியாக இருந்த கணினி முன் அவளை உட்கார வைத்தாள் புள்ளி. "நான் தொட்டா முதலாளி என்னைத் தொலைச்சிடுவார். நீங்களே அடிங்க. நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கேன்."

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஸ்டெரிலைசேஷன் டெக்னீஷியன். கருவிகளைக் கழுவுவது. எண்ணுவது. பொதிவது. ஆட்டோகிளேவ் ஓட்டுவது. எழுதியதைப் படித்துப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வருடம் நான்கே வரியில் முடிந்துபோயிற்று.

சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி கவிஞர் வந்து பின்னால் நின்றார். "ஒரு நாளைக்கு எத்தனை செட் கருவி போடுவீங்க?"

"நாற்பது. அறுவை அதிகமா இருந்தா ஐம்பது."

"அதை எழுதுங்க. மெஷின் எத்தனை லிட்டர்?"

"முந்நூறு. சின்னது ஒண்ணு இருபத்தி மூணு."

"அதையும் எழுதுங்க. வாரா வாரம் ஏதாவது சோதனை?"

"ஸ்போர் சோதனை. கிருமி நிஜமாவே செத்துச்சான்னு பார்க்கறது. பொதி மேல ஒட்டுற டேப்பு நிறம் மாறினா மட்டும் போதாது சார். சூடு பட்டுச்சுன்னுதான் அதுக்குத் தெரியும், உள்ளே என்ன ஆச்சுன்னு தெரியாது. அந்தச் சோதனைப் பதிவு நோட்டு முழுக்க நான்தான் எழுதினேன்."

கவிஞர் டப்பாவை மூடினார். "இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு படிவம் அனுப்பினீங்க. அதுல 'உங்கள் சாதனைகள்'னு கேட்டிருந்தது. நான் ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன்."

புள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். கவிஞரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு அனுபவ வருடங்களை முதல் வரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வரிசை மட்டும் அவருடைய யோசனை. சரியான யோசனைதான். கடைசியில் அவள் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டாள்.

ஐந்து நாள் ஒன்றும் வரவில்லை. தம்பி தினமும் சாயங்காலம் போன் செய்து, எதுவும் கேட்காமல் வானிலையைப் பற்றிப் பேசினான். ஆறாம் நாள் ஒரு பெண் குரல் கூப்பிட்டது. அறுபது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. கம்பெனியின் முன்னணிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

"முந்நூறு லிட்டர் மெஷின் நீங்களே தனியா ஓட்டுவீங்களா?" என்றது குரல்.

"ஓட்டுவேன்."

"நாளைக்குக் காலையில வாங்க."

மறுநாள் அங்கே அறுவை அரங்கின் தலைமைச் செவிலி அவளை அலுவலக அறைக்கு அழைத்துப் போகவில்லை. நேரே சுத்திகரிப்பு அறைக்குக் கூட்டிப்போனாள். ஈரமும் சூடுமான அந்த வாசனை எட்டு மாதத்துக்குப் பிறகு முகத்தில் வந்து மோதியது. அவள் கைகளைக் கழுவிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே. இயந்திரத்திலிருந்து இறக்கி ஆறவைத்திருந்த பொதி ஒன்றைக் காட்டி, "இதை அரங்குக்கு அனுப்பலாமா?" என்றாள் செவிலி.

அவள் பொதியை எடுக்கவில்லை. குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்து, விரலால் தொட்டாள்.

"வேண்டாம் சிஸ்டர். அடியில ஈரம் இருக்கு."

"டேப்பு நிறம் மாறியிருக்கே."

"மாறட்டும். ஈரம் வழியா வெளியில இருக்கறது உள்ளே போயிடும். பிரிச்சு, புதுத் துணியில பொதிஞ்சு, மறுபடி போடணும்."

"ஏன் ஈரமாச்சு?"

அவள் திறந்திருந்த இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த சுற்றுக்கான பொதிகளை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். உலோகத் தட்டுகள் மேலே, துணிப் பொதிகள் கீழே. "இப்படித்தான் போன தடவையும் ஏத்தியிருப்பாங்க. தட்டுல நிக்கற தண்ணி கீழ சொட்டும். இடைவெளி இல்லாம நீராவி எப்படிப் போகும்? எனக்குத் தெரிஞ்சு உலர்த்துற நேரத்தையும் யாரோ குறைச்சிருக்காங்க."

செவிலி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவசரம்னு நான்தான் குறைக்கச் சொன்னேன்" என்றாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று அவள் நினைத்தாள். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அவசரத்துக்குன்னு ரெண்டு செட் தனியா எப்பவும் தயாரா வெச்சுக்கலாம் சிஸ்டர். நாங்க அப்படித்தான் வெச்சிருந்தோம்."

செவிலி சுவரை விட்டு நிமிர்ந்தாள். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க. ஒரு மாசம் பார்ப்போம். அப்புறம் நிரந்தரம்."

"சரிங்க" என்றாள். பிறகும் நகரவில்லை. "இந்தச் சுற்று இப்போ ஓடணுமா?"

"பன்னிரண்டு மணிக்கு ஒரு அறுவை இருக்கு."

"அப்போ நான் திருப்பி அடுக்கிடட்டுமா? திங்கட்கிழமை வரைக்கும் என் மனசு இதுலயே நிக்கும்."

செவிலி சிரித்து, ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கொடுத்தாள். அவள் தட்டுகளைக் கீழே இறக்கி, ஒருக்களித்து நிறுத்தி, பொதிகளுக்கு நடுவே கை போகும் அளவு இடம் விட்டாள். பையில் போன் அடித்தது. தம்பியாகத்தான் இருக்கும். கதவைச் சாத்தி, கைப்பிடியை இறுக்கி, உலர்த்தும் நேரத்தைப் பழையபடி கூட்டி வைத்தாள். அழுத்தமானியின் முள் மெல்ல நடுங்கி, மேலே ஏறத் தொடங்கியது.