காற்று ஏன் வருகிறது?

ஆடிக் காற்று மதுரங்குளிப் பள்ளிக்கூடத்தின் யன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மண்ணை அள்ளிக் கொட்டியதே தவிர ஒரு துளி மழை இல்லை. ஃபஹ்மியா டீச்சருக்கு ஏற்கனவே தலையிடி. எதிர்க் கதிரையில் இருந்த லாபிர் சேர் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் உயர்தர வகுப்பின் புவியியல் விடைத்தாள்களைத் திருத்தினார்கள். சிலாபத்தில் விடுமுறைக் காலத்தில் நடக்கும் இலவச வகுப்புக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையை அனுப்பலாம். மன்னாரிலிருந்து வந்த குடும்பத்து ஸஃப்னாவும் எத்தாளை மீன்பிடிக் குடும்பத்து றோசாவும் சமமாக நின்றார்கள். வெளியில் காசு கட்டிப் படிக்க இருவருக்கும் வழியில்லை. மீதி இருந்தது எட்டுப் புள்ளிக் கேள்வி ஒன்றுதான்: தென்மேல் பருவக்காற்று இலங்கைக்கு மழை தருவதற்கான காரணங்களை விளக்குக.

ஸஃப்னாவின் விடை முத்துமுத்தான கையெழுத்தில் எட்டு வரி. மே முதல் செப்டம்பர் வரை வீசும். ஈரவலயம் மழை பெறும். ஆசியாவில் தாழமுக்கம். இந்து சமுத்திரத்தில் உயரமுக்கம். புவி சுழல்கிறது. காற்றில் ஈரப்பதன் உண்டு. மத்திய மலைநாடு உண்டு. மேற்குச் சரிவில் மழை கூடுதல்.

புள்ளித்திட்டத்தில் உள்ள எட்டும் இருக்கிறது, எட்டுக்கு எட்டு என்றார் லாபிர் சேர். ஃபஹ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வி ‘விளக்குக’ என்கிறது, இந்தப் பிள்ளை வரவுக்குப் பெயர் கூப்பிடுவதுபோல் அடுக்கியிருக்கிறாள் என்றாள்.

“இதுல எந்த வரியையும் வெட்டிப் பாருங்க சேர். மத்த வரிக்கு ஒண்டும் ஆகாது. தலைகீழா எழுதினாலும் அப்படியேதான் இரிக்கும். ஒண்டு இன்னொண்ட உண்டாக்கினாத்தானே விளக்கம்?”

றோசாவின் தாளை அவர் முன் தள்ளினாள். கோழி கிளறிய எழுத்து. ஆனால் கோடையில் ஆசியப் பெருநிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அதன்மேல் காற்று சூடாகி எழுவதால் தாழமுக்கம் உண்டாகிறது, கடல்மேல் அமுக்கம் கூடுதலாக இருப்பதால் ஈரக்காற்று அங்கிருந்து நிலத்தை நோக்கி வருகிறது, மலை தடுக்க மேலெழுந்து குளிர்ந்து, நீராவி ஒடுங்கி மழையாகிறது என்று போனது. தன் ஊரையும் விடவில்லை: அதே காற்று எத்தாளையிலும் வீசுகிறது, அதை மேலெழுப்ப மலை இல்லாததால் அங்கே மழை குறைவு.

திட்டத்தின்படி இதில் நாலு பொயின்ட்தான் என்றார் அவர். ஆறு என்றாள் இவள். அந்த ஆறையும் சும்மா கொடுக்கவில்லை. தெற்கிலிருந்து புறப்பட்ட காற்று பூமியின் நடுவே ஓடும் மத்தியகோட்டைக் கடந்ததும் புவிச்சுழற்சியால் வலப்பக்கம் திரும்புவதால்தான் தென்மேற்கிலிருந்து வருகிறது. றோசா காரணச் சங்கிலியில் அந்தக் கண்ணியை விட்டிருந்தாள். அதற்கு இரண்டை வெட்டினாள். ஸஃப்னாவுக்கு இரண்டுக்கு மேல் ஒரு புள்ளியும் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வாக்குவாதம் முடியாமல், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருந்த ஸஃப்னாவையே கூப்பிட்டார்கள். புவி சுழல்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஃபஹ்மியா கேட்டாள். பிள்ளை முழிக்கும் என்றுதான் நினைத்தாள்.

ஸஃப்னா முழிக்கவில்லை. நிலம் சூடாவதில் தொடங்கி, மத்தியகோட்டில் காற்றைத் திருப்பி, மலையில் ஏற்றி, குளிரவைத்து, மழையாக இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். றோசா விட்ட கண்ணியும் அதில் இருந்தது.

ஃபஹ்மியாவுக்குச் சந்தோசப்படுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. இவ்வளவும் தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள்.

“போன தவண இப்படித்தான் டீச்சர் எழுதின. மூணு புள்ளிதான் கெடச்சிச்சி. பக்கத்துல ‘பொயின்ட் காணாது’ என்டு சிவப்பால எழுதி இருந்திச்சி.”

போன தவணை திருத்தியவர் லாபிர் சேர். அவர் பேனையை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். பிறகு, அப்படியானால் எட்டையே போடுவோம், பிள்ளைக்குத் தெரியும்தானே என்றார்.

போட்டுவிட ஃபஹ்மியாவுக்குக் கை துடித்தது. ஆனால் தாளில் இல்லாததற்கு எப்படிப் புள்ளி போடுவது? எத்தாளையில் இருக்கும் றோசாவை யாரும் கூப்பிட்டு வாயால் கேட்கவில்லையே. அழுகை வருமளவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஸஃப்னாவின் தாளில் இரண்டு, றோசாவின் தாளில் ஆறு என்று எழுதினாள். லாபிர் சேர் இரு தாள்களிலும் கையெழுத்து வைத்தார்.

ஸஃப்னாவுக்கு விளங்கிவிட்டது. சிலாபம் போவது யார் என்று அவள் கேட்கவில்லை.

“அப்ப அரசாங்கத்துப் பெரிய சோதினையில எப்படி டீச்சர் எழுதுற?”

“விளக்கி எழுது,” என்றாள் ஃபஹ்மியா.

பிள்ளை தலையாட்டவில்லை. திரும்பி லாபிர் சேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.