ஓரத்தில் எழுதிய திருமணம்

சலவைக்கல் வெட்டுகிறவர் மூன்றாவது முறையாக போன் செய்தார். இறந்த தேதியைச் செதுக்கிவிட்டாராம். பிறந்த தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாராம். என் மனைவி சோய்லா போய் அப்போது பதினோரு மாதம். கல்லறைச் சுவரில் அவளுடைய சவப்பெட்டியை வைத்த மாடத்தை இன்னும் வெறும் சிமென்ட் பூச்சுதான் மூடியிருந்தது. அதில் யாரோ ஆணியால் அவள் பெயரைக் கீறியிருந்தார்கள்.

முன்பானால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஆகஸ்ட் முப்பது, 1937. அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது. புனித ரோசாவின் திருநாள். அன்று விடியும் முன்பே ரசிகர்கள் கிட்டாரோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சோய்லா ரோசா முனிவே போர்வையைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் நின்று அவர்களோடு ஒரு பாட்டு பாடுவாள். நான் காப்பி போட்டுக்கொடுப்பேன்.

ஆனால் மார்ச் மாதம் ஹெர்னான் இபார்ரா என்ற பத்திரிகையாளர் அவளைப் பற்றிப் புத்தகம் எழுத ஆரம்பித்து, ஞாயிறு இதழில் ஒரு பகுதியை வெளியிட்டார். ‘ஆறு வயதை விழுங்கிய பாடகி.’ அவள் பிறந்த சாந்தா அகேதா ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததாம். பிறப்பு 30 ஆகஸ்ட் 1931. வானொலியில் இரண்டு நாள் அதை வைத்துச் சிரித்தார்கள். மேடையில் சுருதி விலகினால் பாட்டை நிறுத்தி, “தப்பாப் பாடிட்டேன், மறுபடி ஆரம்பிக்கிறேன்” என்று சொல்கிறவள் அவள். அவள் பொய் சொல்லியிருந்தால் நாற்பத்து மூன்று வருடம் என்னிடமும் சொல்லியிருக்கிறாள். கல்லுக்கு மட்டுமல்ல, எனக்கும் அந்தத் தேதி தேவைப்பட்டது.

ஏப்ரலில் பஸ் ஏறினேன். லிமாவிலிருந்து நான்கு மணி நேரம். பக்கத்து இருக்கை காலி. பழக்கத்தில் ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நகராட்சியில் பிறப்புப் பதிவேட்டைக் கவனிப்பவர் நிக்கனோர். 1937ஆம் வருடத்துப் புத்தகத்தை மேசையில் வைத்து விரலால் வரியைத் தேடினார்.

“இதோ இருக்கு அப்தோன் ஐயா. செப்டம்பர் ஆறாந்தேதி அப்பா காசிமிரோ முனிவே வந்து சொல்லியிருக்கார். ஆகஸ்ட் முப்பதுல பொண்ணு பொறந்ததாம். ரெண்டு சாட்சி கையெழுத்து.”

“அப்ப இதுதான் சரியா?”

அவர் சிரித்தார். “அவசரப்படாதீங்க. எட்டு நாளைக்குள்ள பதிஞ்சாத்தான் சுலபம். தாண்டிட்டா நீதிபதிகிட்ட ஓடணும். அதனால மறந்துபோன அப்பனெல்லாம் என்ன பண்ணுவான்? நடந்து வர்ற புள்ளைய போன வாரம் பொறந்துச்சும்பான். இந்தப் புத்தகத்துல பாதிப் பேரு நிஜத்தவிட சின்னவங்க. எங்கம்மாவும் இதுலதான் இருக்காங்க. செத்தப்பவும் இளமையாத்தான் செத்தாங்க.”

“பள்ளிக்கூடத்துல பாக்கலாமா?”

“கண்டிப்பா. அங்க புள்ளையையே கண்ணால பாத்துத்தான எழுதியிருப்பாங்க.”

பெண்கள் பள்ளி இரண்டு தெரு தள்ளி. தலைமையாசிரியை அலமாரிச் சாவி தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. 1941 ஏப்ரல் சேர்க்கைப் பதிவேடு. முதல் வகுப்பு. முனிவே, சோய்லா ரோசா. வயது ஏழு. காட்டிய சான்று: ஞானஸ்நானச் சீட்டு.

1937இல் பிறந்தவளுக்கு அப்போது மூன்றரை வயதுதான் இருக்கும். ஆக அட்டையிலிருந்த தேதி போயிற்று. 1931 என்றால் ஒன்பது. எழுதியிருந்தது ஏழு. ஆனால் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் ஒன்பது வயதிலும் முதல் வகுப்பில் உட்கார்ந்தார்கள், பெற்றவர்கள் கூச்சப்பட்டு வயதைக் குறைத்துச் சொல்வதும் உண்டு என்று தலைமையாசிரியையே சொன்னார்.

தேவாலய அலுவலகத்துக்கு இபார்ராவையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, கையில் நகலோடு நின்றார். நாற்பது வயது, களைத்த முகம். கெட்டவராகத் தெரியவில்லை.

“மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க மனசு நோகணும்னு எழுதல. ஒரே பேரு, ஒரே அப்பா அம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?”

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தொமித்திலா என்ற அம்மாள் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நல்லா எடுத்திருக்கீங்களே புகைப்படம். கல்யாணப் படத்துல மாப்பிள்ளைய வெட்டிட்ட மாதிரி. ஓரம் எங்க?”

“என்ன ஓரம்?”

“பக்கத்து ஓரம். இங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க எந்த ஊர்ல கல்யாணம் பண்ணினாலும் அந்த ஊர் சாமியார் எங்களுக்குக் கடுதாசி போடணும். நாங்க ஞானஸ்நானப் பதிவோட ஓரத்துல எழுதிவைப்போம். ரெண்டாவது தடவ எவனும் மாப்பிள்ளையா வந்து நிக்கக்கூடாதில்ல.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க தேவாலயத்துலதான கட்டினீங்க?”

“ஆமா. லிமாவுல. ஐம்பத்தொன்பதுல.”

அவள் 1931 புத்தகத்தைத் திறந்தாள். பதிவு இருந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது.

“கடுதாசி தொலைஞ்சிருக்கலாம்,” என்றார் இபார்ரா.

“தொலைஞ்சிருக்கலாம். இல்ல, இந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆகாம இருக்கலாம்.” பெயர் அட்டவணையில் விரலை வைத்து அவள் கீழே கீழே போனாள். “நீங்க மொத பேர் கிடைச்சதும் நிறுத்திட்டீங்க. எங்க ஊர்ல ஒரு புள்ள செத்தா அடுத்த புள்ளைக்கு அதே பேரத்தான் வைப்பாங்க.”

1934 புத்தகம். ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் முதல் தேதி. சோய்லா ரோசா, பிறந்து நாற்பத்து மூன்று நாள், காசிமிரோ முனிவேயின் மகள். பிப்ரவரி பதினேழாம் தேதி பிறந்தவள்.

ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில்: 14 நவம்பர் 1959, லிமாவில், அப்தோன் லெவானோவுடன் திருமணம்.

நான் என் பெயரைத்தான் வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். அந்த வருடம் நான் லிமா தபால் நிலையத்தில் தென்பகுதிக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதமும் என் கை வழியாகத்தான் போயிருக்கும்.

இபார்ரா நோட்டை மூடினார். “இறப்புப் பதிவும் பாக்கணும்,” என்று மெதுவாகச் சொன்னார். இருவரும் நகராட்சிக்குத் திரும்பினோம். நிக்கனோர் தேடி எடுத்தார். 1932 அக்டோபர். சோய்லா ரோசா முனிவே. பதினான்கு மாதம். கக்குவான் இருமல். இரண்டாமவளைத் தாமதமாகப் பதிய வந்தபோது, எட்டு நாளுக்குள் வருகிறதென்று, அப்பா மூத்தவளின் பிறந்தநாளையே சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில்தான் அது உறைத்தது. கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானச் சீட்டை வாங்கிவர அவளே இந்த ஊருக்கு வந்தாள். மடித்த உறையைச் சாமியாரிடம் நேராகக் கொடுத்தாள். “எனக்குக் காட்டு” என்றேன். “உனக்கு எதுக்கு? கட்டிக்கப்போறது என்னையா, சீட்டையா?” என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகஸ்ட் முப்பது தன் நாள் இல்லை என்று தெரிந்தும் வருடா வருடம் பால்கனியில் நின்று பாடினாள். அவள் அம்மா உயிரோடிருந்தவரை அன்று மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, பாட்டு முடியும்வரை சமையலறையில் அழுதுகொண்டிருப்பாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நான் அவளுக்கும் காப்பி கொடுத்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க ஆளில்லை. மாமியார் இல்லை, மாமனார் இல்லை. அவளுமில்லை.

இபார்ரா ஞாயிறு இதழில் ஏழு வரியில் திருத்தம் போட்டார். சாந்தா அகேதா நகராட்சி அவள் பிறந்த வீட்டில் பலகை வைத்தது. ஆகஸ்ட் முப்பது என்றே வைத்தது, விழா ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டதாம். நான் சண்டை போடவில்லை. அந்த நாளுக்கும் ஒரு சோய்லா இருந்தாள்.

கல்லில் மட்டும் சரியான தேதி இருக்கிறது.

பிப்ரவரி பதினேழு அன்று கல்லறைக்குப் போனேன். நல்ல கோடை வெயில். ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது. மல்லிகை வைத்தேன். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தேதியில் அவளுக்கு அதுவரை ஒருமுறைகூட வாழ்த்துச் சொன்னதில்லை என்பதால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.