கைமுதல்

"பணம் இருக்குல்லா, பொறவு என்னட்டி—"

"வண்டிக்குத்தான் இருக்கு, வண்டி ஓடுறதுக்கு—"

"டீசல் போட்டா ஓடிட்டுப் போகுது!"

"நான் டீசலையா சொல்றேன்?"

திருவில்லிபுத்தூரில் சக்ரபாணி வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில், பச்சை வண்ணம் அடித்த குட்டியானை வண்டியின் முன்னால் நின்றுகொண்டு நாகஜோதியும் அவள் புருஷன் சோலைச்சாமியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி கட்டி, அடுப்பு வைத்து, பக்கவாட்டில் தூக்கும் கதவு போட்ட உணவு வண்டி. விற்கிறவர் சக்ரபாணி. இட்லி தோசை போட்டு ஏழு மாதத்தில் நிறுத்திவிட்டவர். சண்டை முடியட்டும் என்று சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

சோலைச்சாமி ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இனிமேல் இன்னொருத்தன் கல்லில் நிற்க மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தார். சீட்டுப் பணமும் செயினை அடகு வைத்ததுமாகக் கையில் நாலு லட்சம். இது போனால் இன்னொரு நாலு லட்சம் இந்த ஜென்மத்தில் சேராது என்று நாகஜோதிக்குத் தெரியும்.

"செத்த நேரம் கேளு," என்றார் அவர். "வண்டி மூணு நாப்பது. பேரு மாத்த, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் முப்பத்தஞ்சாயிரம். பரோட்டாக் கல்லு, பாத்திரம் பதினஞ்சு. மிச்சம் பத்தாயிரம். ஒரு நாளைக்கு மாவு, முட்டை, கோழி, எண்ணெய், கேஸு நாலாயிரத்தைந்நூறு. சாயங்காலமே ஏழாயிரத்துக்கு வித்துருவேன். அந்தக் காசுல மறுநாள் சரக்கு. பத்தாயிரம் எம்புட்டு தாராளம்!"

"பையன் கூலியும் டீசலும் எண்ணூறு. அத விட்டுட்டீகளே."

"சரி, ஐயாயிரத்து முன்னூறு. அப்பவும் லாபந்தான?"

"எங்க நிறுத்தப் போறீக?"

"உங்க மில்லு கேட்டுல. அங்கதான கூட்டம்."

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாலு வருஷமாக அந்த நூல் மில்லில் கோன் சுற்றுகிறவள். அந்த கேட்டில் அவள் ஒரு வடையைக்கூடக் கையோடு காசு கொடுத்துத் தின்றதில்லை.

"அங்க பாதிப் பேரு கணக்குலதான் திம்பாக. ஏழாந்தேதி சம்பளம் போட்டாத்தான் காசு."

"கடன் கிடையாதுன்னு போர்டு மாட்டிட்டாப் போச்சு."

"மாட்டுங்க. எல்லாரும் பக்கத்துக் கடைக்குப் போயிருவாக. நானே போவேன்."

சோலைச்சாமி வேலை பார்த்த ஓட்டலில் தின்றவன் கல்லாவில் காசு வைத்துவிட்டுத்தான் கை துடைப்பான். அதுதான் உலகம் என்று நினைத்திருந்தார்.

"ஏழாயிரத்துல கைக்கு வாரது மூவாயிரத்தைந்நூறு. போறது ஐயாயிரத்து முன்னூறு. தெனம் ஆயிரத்து எண்ணூறு கையிலருந்து போடணும். உங்க பத்தாயிரம் ஒரு வாரம் தாங்குமா? சம்பளத் தேதி வரைக்கும் முப்பது நாளைக்கு அம்பத்து நாலாயிரம் வேணும்."

"ஆனா அன்னைக்கு ஒரு லட்சத்துக்கு மேல வருமேட்டி!"

"வரும். அதுக்குள்ள மாவு வாங்கக் காசில்லாம வண்டி நின்னுரும்."

சக்ரபாணி சாவி சுழற்றுவதை நிறுத்தினார். "எனக்கும் அப்படித்தாம்மா ஆச்சு," என்றார் மெதுவாக. "ரெண்டு ஆபீஸுக்கு டிபன் குடுத்தேன். மாசம் முடிஞ்சுதான் பில். தோசை நன்னாத்தான் இருந்தது. அரிசி வாங்கத்தான் கையில இல்லை. எல்லாத்தையும் இதுலயே போட்டுட்டேன்." தகரத்தைத் தட்டினார்.

சோலைச்சாமியின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ வேண்டாமா? இன்னும் எத்தன வருஷம் அந்தக் கல்லுலயே வேகணும் நானு?"

அவர் முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகளை நாகஜோதி பார்த்தாள். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சாமி, பெட்டி கட்டுனத ஆர்.சி.யில ஏத்தியிருக்கா?" என்று சக்ரபாணியிடம் கேட்டாள்.

"ஏத்தியாச்சு. சுத்தமான பேப்பர்."

"அப்ப ஒண்ணு சொல்றேன். ரெண்டு அறுபது இப்பவே தாரோம். பாக்கி எம்பதாயிரம், மொத சம்பளத் தேதி கழிஞ்சு மாசம் பத்தாயிரம். எட்டு மாசம். பத்திரத்துல எழுதிக்கிடுவோம்."

"ஏட்டி, அம்புட்டும் ஒரே நேரத்துல கேக்குற மனுசங்கிட்ட—"

"நீங்க சும்மா இருங்க. தொண்ணூறு கையில நிக்கும். அதுல அம்பத்து நாலு, கணக்குல திங்கிறவுகளுக்கு. மிச்சம் மழைக்கும் புரட்டாசிக்கும். கோழி திங்காத மாசம் ஒண்ணு வருதே."

சக்ரபாணி மூக்கைச் சுளித்தார். "கோழியா? இதுலயா?"

"வித்த பொறவு அது எங்க வண்டி சாமி. நீங்க அந்தப் பக்கம் வராதீக."

அவர் சிரித்துவிட்டார். சோலைச்சாமியும் சிரித்தார். சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சக்ரபாணி கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாம் சரி. அந்த ஏழாந்தேதி மில்லுல சம்பளம் தள்ளிப்போச்சுன்னா?"

"அதுக்கும் சேத்துத்தான் சாமி அந்த மிச்ச முப்பத்தாறாயிரத்தத் தொடாம வச்சிருக்கேன். சாவியத் தாரீகளா, இவிய ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும்?"